பட்டியலிடாத நிறுவனத்தின் விலையை எப்படிக் கணிக்கிறார்கள்?

பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனத்துக்கு அன்றாட விலை கிடையாது. பங்குதாரர் ஒருவர் விலகும்போது, குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது, வெளி முதலீட்டாளர் வரும்போது அதன் மதிப்பைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அதே தொழிலில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்குச் சந்தை தரும் விலையை அளவுகோலாக வைத்துக்கொள்வது இதற்குப் பரவலாகக் கையாளப்படும் வழி.

பங்கு விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு பிசகும். ஒரே அளவு தொழில் செய்யும் இரு நிறுவனங்களில் ஒன்று சொந்தப் பணத்திலும் மற்றொன்று பாதி வங்கிக் கடனிலும் நடக்கலாம். அதனால் பங்குகளின் மொத்தச் சந்தை மதிப்போடு கடனைக் கூட்டி, கையிருப்புப் பணத்தைக் கழிக்கிறார்கள். இதுவே நிறுவன மதிப்பு. ஒரு நிறுவனத்தின் 2 கோடி பங்குகள் தலா 400 ரூபாய்க்கு விற்றால் பங்குகளின் மதிப்பு 800 கோடி ரூபாய். கடன் 250 கோடி, கையிருப்பு 90 கோடி என்றால் நிறுவன மதிப்பு 960 கோடி. வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன்பு அந்தத் தொழில் ஈட்டும் இலாபத்தை எபிட்டா என்கிறார்கள். அது 80 கோடி என்றால், சந்தை அந்த நிறுவனத்துக்கு எபிட்டாவைப் போல் 12 மடங்கு தருகிறது. இந்த 12தான் மல்டிபிள்.

இதை வேறொரு நிறுவனத்துக்குப் பொருத்தும்போது முதல் வேலை, சரியான இணை நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பது. கோயம்புத்தூரில் வீட்டுக்கும் வயலுக்கும் பம்பு செய்து டீலர்கள் வழியே விற்கும் ஒரு குடும்ப நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். கிர்லோஸ்கர் பிரதர்ஸ், கேஎஸ்பி, சக்தி பம்ப்ஸ் எல்லாமே பம்பு நிறுவனங்கள்தான். ஆனால் பெரிய பாசன, ஆலைத் திட்டங்களுக்கான பம்புகளும், அரசுத் திட்ட ஆர்டர்களை நம்பிய சூரியசக்தி பம்புகளும், டீலர் கடையில் விற்கும் பம்பும் வெவ்வேறு வியாபாரங்கள். வாடிக்கையாளர், இலாப விகிதம், வளர்ச்சி மூன்றும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பார்க்காமல் தொழிலின் பெயரை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்தது இலாபத்தைச் சீராக்குவது. அந்தக் குடும்ப நிறுவனத்தின் கணக்கு 15 கோடி எபிட்டா காட்டுகிறது. நிர்வாகத்துக்கு வெளியாளை அமர்த்தினால் ஆகும் சம்பளத்தைவிடக் குடும்பத்தினர் 1.5 கோடி கூடுதலாக எடுக்கிறார்கள். அதைக் கூட்ட வேண்டும். ஆலைக் கட்டடம் குடும்பச் சொத்து என்பதால் வாடகை சந்தை நிலவரத்தைவிட 70 லட்சம் குறைவு. அதைக் கழிக்க வேண்டும். ஒருமுறை மட்டும் வந்த 1.8 கோடி இன்ஷூரன்ஸ் தொகையையும் கழித்தால் உண்மையான எபிட்டா 14 கோடி.

வாடகையில் இன்னொரு சிக்கல் உண்டு. பட்டியலிட்ட நிறுவனங்கள் பின்பற்றும் இந்திய கணக்கியல் தரநிலை 116, நீண்டகால வாடகை ஒப்பந்தங்களைக் கடனாகப் பதியச் சொல்கிறது. அந்த வாடகை அவற்றின் எபிட்டாவிலிருந்து கழிவதில்லை. சிறிய தனியார் நிறுவனங்கள் பலவும் பழைய தரநிலைப்படி வாடகையைச் செலவாகவே எழுதுகின்றன. இரு பக்கத்தையும் ஒரே முறைக்குக் கொண்டுவராவிட்டால் ஒப்பீடு பொய்த்துவிடும்.

ஐந்து இணை நிறுவனங்களின் மல்டிபிள்கள் 9, 11, 12, 13, 25 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 14 வருகிறது. ஆனால் 25 காட்டும் நிறுவனத்துக்கு அந்த ஆண்டு இலாபம் திடீரென்று சரிந்திருக்கிறது. வகுக்கும் எண் சுருங்கியதால்தான் மல்டிபிள் ஊதிப்போயிருக்கிறது. அதனால் வரிசையின் நடுவில் உள்ள 12ஐ எடுப்பது பாதுகாப்பு. குடும்ப நிறுவனம் அளவில் சிறியது, வளர்ச்சியும் மெதுவானது என்பதால் மதிப்பீட்டாளர் அதை 10 ஆகக் குறைக்கிறார். 14 கோடியை 10ஆல் பெருக்கினால் நிறுவன மதிப்பு 140 கோடி.

இது உரிமையாளர்கள் கைக்கு வரும் தொகை அல்ல. கடன் 30 கோடியைக் கழித்து, கையிருப்பு 5 கோடியைக் கூட்டினால் பங்குகளின் மதிப்பு 115 கோடி. பட்டியலிட்ட பங்கை நினைத்த நாளில் விற்கலாம், இதை விற்க முடியாது. அதற்காக 20 சதவீதம் தள்ளினால் 92 கோடி. இந்தத் தள்ளுபடி சிறுபான்மைப் பங்கை வாங்குபவருக்கே பெரிதும் பொருந்தும். முழு நிறுவனத்தையும் வாங்குபவருக்கு நிர்வாகக் கட்டுப்பாடும் கிடைக்கிறது. அதற்கு அவர் கூடுதல் விலை தர வேண்டியிருக்கலாம்.

சீராக்காத 15 கோடியைச் சராசரியான 14ஆல் பெருக்கி, கடனைக் கழிக்க மறந்தால் 210 கோடி வந்திருக்கும். அறிக்கையைப் படிப்பவர் பார்க்க வேண்டியவை இந்த இடங்கள்தான்: இலாபத்தில் செய்த திருத்தங்கள், விலக்கிய நிறுவனங்களும் அதற்கான காரணமும், கடனைக் கழித்த வரி. சந்தை ஏறி இறங்கும்போது மல்டிபிளும் மாறுவதால், மதிப்பிட்ட தேதியும் அறிக்கையில் இருக்க வேண்டும். ஒற்றை எண்ணுக்குப் பதில் வீச்சைத் தருவது நேர்மையான வழக்கம்: இங்கே மல்டிபிளை 9 முதல் 11 வரை வைத்தால், தள்ளுபடிக்குப் பின் பங்குகளின் மதிப்பு ஏறக்குறைய 81 கோடியிலிருந்து 103 கோடி வரை.