கட்டளை வாசகமும் அதன் குறிப்பேடும்

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் கேரள அரசின் 'கைட்' நிறுவனம், பள்ளிக் கல்வியில் கணிப்பொறியின் பயன்பாட்டைக் கவனித்து வருவதாகும். 2024ஆம் ஆண்டு மே மாதம் அந்நிறுவனம் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளின் ஆசிரியர்கள் 80,000 பேருக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் மூன்று நாள் பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். கருவியிடம் வேலையை எவ்வாறு எழுதிக் கேட்பது என்பதும் பயிற்சிப் பாடங்களுள் ஒன்று. இவ்வாறு எழுதிக் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்தில் 'பிராம்ப்ட்' என்பர். தமிழில் கட்டளை வாசகம் எனலாம்.

பயிற்சி முடிந்து பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியர்களை ஒரு நடைமுறைச் சிக்கல் எதிர்கொள்கிறது. ஒருவர் எழுதிய வாசகம் நல்ல விடையைத் தருகிறது; அதையே மற்றொருவர் பயன்படுத்தும்போது விடை சரியாக அமைவதில்லை. சில மாதங்கள் கழிந்தால், முதலில் எழுதியவருக்கே தாம் என்ன எழுதினோம் என்பது நினைவில் இருப்பதில்லை. நல்ல வாசகங்களை ஒரு பொதுத் தொகுப்பில் சேர்த்து வைப்பது இதற்குத் தீர்வாகத் தோன்றும். ஆனால், வாசகத்தை மட்டும் சேர்த்து வைத்தால் போதாது. அது எதில் சோதிக்கப்பட்டது, எங்கே தவறியது என்ற குறிப்பும் உடன் இருந்தால்தான் நல்ல பயனை மீண்டும் பெற இயலும்.

ஓர் எடுத்துக்காட்டு

கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. அவற்றில் பணிபுரியும் அறிவியல் ஆசிரியர் நால்வர், பாடப்பத்திகளிலிருந்து பயிற்சி வினாக்கள் தயாரிக்க முற்படுவதாகக் கொள்ளலாம். அவர்களுடைய முதல் வாசகம் பின்வருமாறு அமைகிறது:

"கீழுள்ள பத்தியிலிருந்து பத்து வினாக்களை விடையுடன் எழுதவும்."

ஒளிச்சேர்க்கை பற்றிய எட்டு வாக்கியப் பத்தி ஒன்று கருவிக்குத் தரப்படுகிறது. முதல் ஏழு வினாக்கள் நன்றாகவே அமைகின்றன. கடைசி மூன்றோ பத்தியில் இல்லாத செய்திகளைக் கேட்கின்றன. மேலும், பாடநூலில் 'பச்சையம்' என்றிருக்கும் சொல்லுக்குப் பதிலாக, மாணவர் அறியாத வேறொரு சொல் வந்து விடுகிறது.

இத்தவற்றுக்குக் காரணம் உண்டு. பத்து என்ற எண்ணிக்கையை நிறைவு செய்யுமாறு கருவி பணிக்கப்பட்டுள்ளது. பத்தியில் பத்து வினாக்களுக்கு இடமில்லை என்று கூறி நிறுத்திக்கொள்ள அதற்கு அனுமதி தரப்படவில்லை. ஆகவே எஞ்சியதைத் தான் கற்ற பொதுச் செய்திகளிலிருந்து அது நிரப்புகிறது. இதை உணர்ந்த குழுவினர் வாசகத்தைத் திருத்துகின்றனர்:

"கீழுள்ள பத்தியில் விடை உள்ள வினாக்களை மட்டும் எழுதவும். அதிக அளவாகப் பத்து வினாக்கள் போதும். பத்தி இடம் தராவிட்டால் குறைவாக எழுதி நிறுத்தவும். ஒவ்வொரு வினாவின் கீழும் விடை அமைந்த வாக்கியத்தைப் பத்தியில் உள்ளவாறே தரவும். பத்தியில் உள்ள கலைச்சொற்களையே பயன்படுத்தவும்."

இப்போது ஏழு வினாக்களோடு கருவி நிறுத்திக்கொள்கிறது. விடை வாக்கியம் வினாவின் கீழேயே இருப்பதால், ஆசிரியர் அதைப் பத்தியோடு எளிதில் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். வாக்கியம் பத்தியில் இல்லையெனில் அவ்வினாவை நீக்கிவிடலாம்.

குறிப்பில் இடம்பெற வேண்டியவை

இத்திருத்தம் தொகுப்பில் சேரும்போது வாசகத்தின் அருகில் ஐந்து செய்திகள் எழுதப்பட வேண்டும். அது எந்த வேலைக்குரியது, எந்தக் கருவியின் எந்தப் பதிப்பில், எந்த நாளில் சோதிக்கப்பட்டது, எந்தெந்தப் பத்திகளைக் கொண்டு சோதிக்கப்பட்டது, எங்கே தவறியது, முந்தைய வாசகத்திலிருந்து எது, ஏன் மாற்றப்பட்டது என்பனவே அவை. இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. அனைவரும் திறக்கக்கூடிய ஓர் அட்டவணைக் கோப்பே போதுமானது.

இவற்றுள் கடைசிச் செய்தியே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதனால் விளையும் கேடு உடனே தெரிவதில்லை. 'குறைவாக எழுதி நிறுத்தவும்' என்ற தொடர் ஏன் சேர்க்கப்பட்டது என்பதை அறியாத ஒருவர், வாசகம் நீளமாக இருப்பதாகக் கருதி அதை நீக்கிவிடக்கூடும். நீண்ட பத்திகளில் அதன் விளைவு தென்படாது. குறுகிய பத்தி ஒன்று வரும்போது பழைய தவறு திரும்பி வரும். 'இத்தொடர் இல்லாதபோது கடைசி மூன்று வினாக்கள் பத்திக்கு வெளியிலிருந்து வந்தன' என்ற ஒரு வரிக் குறிப்பு அதைத் தடுத்துவிடும்.

தவறிய இடங்களையும் மறைக்காமல் எழுத வேண்டும். மேற்கண்ட வாசகம் அட்டவணை கொண்ட பத்திக்குப் பொருந்துவதில்லை என்று கொள்ளலாம். அட்டவணையில் எடுத்துக்காட்டுவதற்கு வாக்கியம் இராது அன்றோ! 'அட்டவணைப் பாடங்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்' என்ற குறிப்பு, அடுத்தவருக்கு ஒரு மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

'நன்று' என்பதை எவ்வாறு அறிவது?

இக்கருவிகள் அடுத்த சொல்லை ஓரளவு தற்செயலாகத் தேர்ந்தெடுப்பவை. எனவே, ஒரே வாசகத்துக்கு இருமுறை இருவேறு விடைகள் வரக்கூடும். ஒருமுறை நல்ல விடை வந்தது என்பதால் வாசகம் நல்லது என்று முடிவு செய்ய இயலாது. குறுகியது, நீண்டது, எண்கள் மிகுந்தது, முன்பு தவறியது என ஐந்தாறு பத்திகளை நிலையான சோதனைத் தொகுதியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சிலமுறை சோதிப்பதே முறையாகும். எது தேர்ச்சி என்பதையும் முன்னரே வரையறுக்க வேண்டும். வினாவுக்கு விடை பத்தியில் உள்ளதா, கலைச்சொல் பாடநூலோடு ஒத்துள்ளதா என்னும் இரண்டு வினாக்களே இங்குப் போதுமானவை. 'நன்றாக இருந்தது' என்ற குறிப்பைவிட 'ஆறு பத்திகளில் ஐந்து தேறின. எண்கள் மிகுந்த பத்தி தவறியது' என்ற குறிப்பு பலமடங்கு பயனுடையது.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றினால், பலன் எதனால் கிடைத்தது என்பது தெரியாமல் போகும். பழைய வாசகத்தையும் அழிக்காமல் வரிசை எண் இட்டு வைத்தல் வேண்டும். புதியது தவறினால் திரும்பிச் செல்ல வழி இருக்கும்.

தொகுப்பின் எல்லைகள்

கருவியைத் தயாரிக்கும் நிறுவனங்கள் அதன் பதிப்பை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பழைய பதிப்புகள் நிறுத்தப்படுவதும் உண்டு. நேற்றுத் தேறிய வாசகம் புதிய பதிப்பில் தவறலாம். ஆகவே, பதிப்பு மாறியதும் சோதனைத் தொகுதியை மீண்டும் ஓட்டிப் பார்த்து, நாளைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்பது அவசியம். பொறுப்பாளர் இல்லாத தொகுப்பில் பதிவுகள் நூற்றுக்கணக்கில் பெருகும். எது இன்னும் பயன்படும் என்பதை எவரும் அறியார். எவரும் எடுக்காத வாசகங்களை ஒதுக்கி வைத்து, சோதிக்கப்பட்ட இருபதை மட்டும் காப்பதே மேல்.

மாதிரிகளைச் சேர்க்கும்போது மாணவரின் பெயர், மதிப்பெண் போன்றவை இடம்பெறலாகாது. பலர் கைக்குச் செல்லும் கோப்பில் ஒருமுறை சேர்ந்த செய்தியைத் திரும்பப் பெறுவது அரிது.

எவ்வளவு கவனமாகப் பேணப்பட்டாலும், இத்தொகுப்பு அதே சொற்களை மீண்டும் தருவதில்லை. அதே தரத்தை மீண்டும் பெறும் வாய்ப்பையே மிகுவிக்கிறது. எனவே கருவி தந்த ஏழு வினாக்களையும் வகுப்பறைக்கு அனுப்புமுன் ஆசிரியர் படித்துப் பார்த்தாக வேண்டும். அவ்வாறு படிக்கையில் கண்ட தவறே தொகுப்பின் அடுத்த குறிப்பாக அமையும்.