பொங்கற் பானை வாங்கக் கார்த்திகையிலேயே கேளுங்கள்

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் கூட்டாகச் சிறு கடை நடத்தும் குடும்பங்களுக்குத் தைப்பொங்கற் பானை நல்ல வியாபாரம். ஆனால் பானை அதிகம் தேவைப்படும் காலமும் அது காயத் தாமதிக்கும் மாரிகாலமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே பானை வனைபவரிடம் "முந்நூறு தருவீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. வந்த ஓடரை இழக்க விரும்பாமல் அவர் "ஓம்" என்றே சொல்லுவார்.

கேட்க வேண்டியது இதுதான்: "ஐயா, மழை நாளில் ஒரு பானை காய எத்தனை நாள் செல்லும்? கூரைக்குக் கீழே ஒரே தடவையில் எத்தனை வைக்கலாம்?" வனைவது விரைவான வேலை. காயவைப்பதே வேலையைத் தாமதப்படுத்தும். ஈரம் உள்ள பானையைச் சூளையில் வைத்தால் உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகிப் பானையை வெடிக்கச் செய்யும். தடித்த அடிப்பாகமே கடைசியாகக் காயும். அதைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கூரைக்குக் கீழே 150 பானை வைக்கலாம். மழையில் காயப் 10 நாள் செல்லும். பத்துக்கு ஒன்று உடையும் என்று அவர் சொல்கிறார். உங்களுக்கு 300 தேவை. வேறு கடைகளுக்கு ஏற்கெனவே 150 ஒப்புக்கொண்டிருக்கிறார். மொத்தம் 450 நல்ல பானை கிடைக்க 500 வனைய வேண்டும். ஒரு தடவைக்கு 150 என்றால் நான்கு தடவை காயவைக்க வேண்டும். அதற்கு 40 நாள். கடைசித் தொகுதியைச் சுட்டு ஆறவிட மேலும் 3 நாள். ஜனவரி 10இல் பானை கைக்கு வர வேண்டுமாயின் நவம்பர் 28இல் முதற்பானை வனையப்பட வேண்டும். மற்றக் கடைகளின் ஓடரைக் கேளாது விட்டிருந்தால் இந்தக் கணக்குப் பிழைத்திருக்கும்.

களிமண் கையிருப்பில் உள்ளதா என்றும் கேளுங்கள். குளத்தில் நீர் நிறைந்தபின் அங்கே மண் வெட்ட முடியாது. விறகும் நனையாமல் இருக்க வேண்டும்.

எல்லாப் பானையையும் கடைசி நாளில் பெறுவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். முற்பணத்தையும் பகுதி பகுதியாகக் கொடுங்கள். மேற்படி கணக்கில் டிசம்பர் 8இல் முதற்தொகுதி சூளைக்குப் போக ஆயத்தமாக இருக்க வேண்டும். அன்று நேரில் போய்ப் பாருங்கள். பாதிதான் காய்ந்திருந்தால் மிகுதிக்கு வேறொருவரிடம் கேட்க அப்போது இன்னும் ஒரு மாதம் இருக்கும். ஜனவரியில் தெரியவந்தால் ஒன்றும் செய்ய இயலாது.

பானை வந்ததும் விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் வெடிப்பு உண்டு. அப்படிப்பட்டதைத் திருப்பி எடுப்பாரா என்பதையும் முதல் நாளிலேயே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.