மூத்தவரை நேர்காணும் இளம் மேலாளர்

தன்னைவிட இருபது, இருபத்தைந்து வயது மூத்தவரை வேலைக்கு நேர்காணும் இளம் மேலாளரின் சங்கடம் இரண்டு விதமாக வெளிப்படும். சிலர் பதவியை நிலைநாட்டுவதற்காகப் பாடப்புத்தகக் கேள்விகளை அடுக்குவார்கள். வேறு சிலர் எதிரே இருப்பவரின் அனுபவக் கதைகளுக்குத் தலையாட்டியே நேரத்தைக் கழித்துவிட்டு, கடைசியில் மதிப்பெண் தாளில் என்ன எழுதுவதென்று தெரியாமல் விழிப்பார்கள். நம் ஊரில் இரண்டாவது வகையே அதிகம். பெரியவரை மடக்கிக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம்.

வேலையைப் பற்றிய ஐந்தாறு கேள்விகளை முன்கூட்டியே எழுதி, விண்ணப்பித்த எல்லோரிடமும் அவற்றையே கேட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள், பணியாளர் தேர்வு பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், இப்படி வரையறுத்து நடத்தும் நேர்காணல், போகிற போக்கில் நடத்துவதைவிட ஒருவர் வேலையை எப்படிச் செய்வார் என்பதை நன்றாகக் காட்டுகிறது என்றார்கள். இளையவருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. "இந்த வேலைக்கு வர்ற எல்லார்கிட்டயும் இதே கேள்விகளைத்தான் சார் கேக்கறோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், கடினமான கேள்வி எதுவும் தனிப்பட்ட சோதனையாகத் தோன்றாது.

வந்தவரை எழுந்து நின்று வரவேற்று, 'சார்' அல்லது 'மேடம்' என்று அழைப்பது போதும். 'அண்ணா', 'ஐயா' என்று உறவு கொண்டாடினால், பிறகு ஒரு பதிலை ஏற்காமல் திருப்பிக் கேட்பது கடினமாகிவிடும். வயதுக்காக மன்னிப்புக் கேட்பதும் வேண்டாம். "நான் போய் உங்களைக் கேள்வி கேக்கறதா!" என்ற பேச்சு பணிவாகத் தோன்றினாலும், எதிரே இருப்பவர் நினைக்காத வயது வித்தியாசத்தை அதுதான் மேசைமேல் வைக்கிறது. வந்தவர் வாய்தவறி 'தம்பி' என்று அழைத்துவிட்டால் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் பதில்களில்தான் இருக்கிறது. நீண்ட அனுபவம் உள்ளவர்கள் பெரும்பாலும் "நாங்க செஞ்சோம்" என்றே பேசுவார்கள். அந்த 'நாங்க'வில் அவருடைய பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும். கோயம்புத்தூரில் உள்ள ஒரு பம்ப் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பணிக்கு 53 வயதுக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், கேட்பவருக்கு 29 வயது என்று வைத்துக்கொள்வோம். "லீக் டெஸ்ட்ல வார்ப்புகள் நிறைய ரிஜெக்ட் ஆச்சு, நாங்க சரி பண்ணிட்டோம்" என்கிறார் வந்தவர். அங்கேயே நிறுத்தி, "அன்னிக்கு முதல்ல நீங்க எதைப் பாத்தீங்க சார்?" என்று கேட்க வேண்டும். ஒழுகிய வார்ப்புகளைத் தனியே எடுத்து, எந்த நாள், எந்த ஷிப்ட்டில் வார்த்தவை என்று தானே பிரித்ததாகவும், எல்லாம் ஒரே ஷிப்ட் என்று தெரிந்ததும் அச்சு மணலின் ஈரத்தைச் சோதிக்கச் சொன்னதாகவும், ஈரம் கூடியதால் உண்டான வாயு வார்ப்பில் துளைகளை விட்டிருந்ததாகவும் அவர் சொன்னால், அது கையால் வேலை செய்தவரின் பதில். "ஃபவுண்டரிக்காரங்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன், சரியாயிடுச்சு" என்றால், மேற்பார்வைதான் அவருடைய பழக்கம். அதுவும் தவறில்லை. ஆனால் காலியாக இருப்பது தானே இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் என்றால் இருவருக்குமே ஒத்துவராது.

பதில் நீண்டுகொண்டே போனால், அவர் மூச்சு விடும் இடத்தில் அவர் கடைசியாகச் சொன்ன சொல்லையே பிடித்து அடுத்த கேள்வியைத் தொடுப்பது நல்லது. கடிகாரத்தைப் பார்ப்பது அவமானப்படுத்துவதாகிவிடும்.

இளையவரிடம் வேலை பார்ப்பதில் வருத்தம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது வீண். வேலை தேடி வந்தவர் இல்லை என்றுதான் சொல்வார். அதற்குப் பதிலாக, மேலதிகாரி சொன்னது தவறென்று பட்ட ஒரு சமயத்தில் என்ன செய்தார், கடைசியில் யார் சொன்னபடி நடந்தது என்று கேட்கலாம். பழைய மேலதிகாரியை அவர் பேசும் விதமே பாதி பதில். ஓய்வுபெற இன்னும் எத்தனை வருடம், உடம்பு தாங்குமா போன்ற கேள்விகள் வேண்டாம். அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் வயதைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதை 1967ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இங்கே வேலைக்கு இரவு ஷிப்ட் தேவையென்றால், அதற்கு வர முடியுமா என்று எல்லோரிடமும் கேட்டால் போதும்.

முன்பு பெரிய பதவியில் இருந்தவர் சிறிய பதவிக்கு விண்ணப்பித்திருந்தால், சம்பளம், பதவிப் பெயர், யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும் ஆகிய மூன்றையும் நேர்காணலின்போதே சொல்லிவிட வேண்டும். நியமன ஆணையில் முதன்முறையாகப் பார்க்கும்போதுதான் அவர் பின்வாங்குவார். மதிப்பெண்ணை, அவர் அறையைவிட்டுப் போனதும், உடன் இருந்தவர்களோடு பேசுவதற்கு முன்பே ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக எழுதிவிட வேண்டும். பேசிவிட்டு எழுதினால், பெரியவர் என்ற பொதுவான மதிப்பு எல்லாக் கேள்விகளுக்கும் பரவிவிடும். வேலை இல்லை என்ற முடிவையும் மேலாளரே தொலைபேசியில் சொல்லலாம், எந்தத் தேவைக்கு அவர் பொருந்தவில்லை என்ற காரணத்தோடு.