சுவருக்கு நிறம் தேடுமுன் தரையைப் பாருங்கள்

கடையில் ஷேட் கார்டைப் பார்த்துப் பிடித்துப்போன இளமஞ்சள் கிரீம், ஹால் சுவரில் ஏறியதும் பச்சை தட்டிய மஞ்சளாகத் தெரியும். அதுவரை வெறும் 'ஐவரி' என்று நினைத்திருந்த தரை டைல்ஸிலும் திடீரென்று ரோஸ் அடிக்கும். இதில் பெயின்ட்டின் தவறும் இல்லை, பெயின்டரின் தவறும் இல்லை. அந்த ரோஸ் டைல்ஸுக்குள் முதலிலிருந்தே இருந்ததுதான்.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிறங்கள், தமக்குள் உள்ள வேறுபாட்டைக் கண்ணுக்குப் பெரிதாக்கிக் காட்டும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ருல் 1839இல் இதை விளக்கி ஒரு நூலே எழுதினார். ஐவரி விட்ரிஃபைட் டைல்ஸில் ரோஸ், மஞ்சள், பச்சை, சாம்பல் என்று ஏதாவது ஒரு சாயல் மெலிதாக ஓடும். சுவரின் நிறம்தான் அதைக் கிளப்பிவிடும்.

சாயலைக் கண்டுபிடிக்க முதலில் ஜன்னலோரம் சில டைல்ஸை நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், விளக்கை அணைத்துவிட்டு, நேர் மேலிருந்து குனிந்து பாருங்கள். சாய்வாகப் பார்த்தால் பாலிஷில் வானமும் திரைச்சீலையும்தான் தெரியும். வெள்ளைத் தாளை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பல தாள்களில் நீலம் பாயும் பளிச்சூட்டி கலந்திருப்பதால், அதனருகில் எந்த ஐவரியும் மஞ்சளாகவே தெரியும். அதைவிட, ஷேட் கார்டிலிருந்து ரோஸ் கலந்தது, மஞ்சள் கலந்தது, பச்சை கலந்தது, சாம்பல் கலந்தது என நான்கு வெளிர் நிறங்களை டைல்ஸ் மேலேயே வையுங்கள். எது துருத்தாமல் தரையோடு கலந்துபோகிறதோ, அதுதான் உங்கள் டைல்ஸின் சாயல்.

ரோஸ் கலந்ததுதான் கலந்துபோனது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மஞ்சள் கிரீமையும் வெளிர் பச்சையையும் ஒதுக்கிவிடுவது நல்லது. பச்சை, சிவப்புக்கு நேர் எதிர் நிறம். பக்கத்தில் வந்தால் தரை இன்னும் ரோஸாகும். துளி ரோஸ் கலந்த வெள்ளையோ, சற்றே செம்மை கலந்த வெளிர் சாம்பலோ இந்தத் தரையோடு ஒத்துப்போகும். தரையின் ரோஸை எடுத்துக்காட்டுவதுதான் உங்கள் விருப்பம் என்றால் பச்சை தாராளமாகப் பூசலாம்.

தேர்ந்தெடுத்த நிறத்தை நேராகச் சுவரில் பூசிப் பார்க்காதீர்கள். சுற்றிலும் உள்ள பழைய நிறம் கண்ணைக் குழப்பும். இரண்டடிப் பலகை ஒன்றில் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு, தரையைத் தொடும்படி சுவரில் சாய்த்து வையுங்கள். காலையிலும் மாலையிலும் பார்ப்பதோடு, இரவில் ஹால் விளக்கைப் போட்டும் பாருங்கள். 3000 கெல்வின் எல்இடி எல்லாவற்றிலும் மஞ்சளேற்றும். 6500 கெல்வின் நீலமேற்றும். பகலில் பொருந்திய நிறம் இரவில் பிசகினால், பெயின்ட்டை மாற்றுமுன் பல்பை மாற்றிப் பாருங்கள். மூன்று வேளையும் பொருந்திய பிறகே முழு வீட்டுக்கும் பெயின்ட் வாங்குங்கள்.