கேபிளிலிருந்து டிஸ்க்குக்கு: டொரண்டோ சித்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தி,

டி.வி.யின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்களே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லா வயரும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. எதையும் கழற்ற வேண்டாம். கேபிள் பெட்டியிலிருந்து வரும் தட்டை முனை வயர் HDMI 1 என்ற துளையில் செருகியிருக்கிறது. டிஸ்க் பிளேயரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் AV என்று எழுதிய இடத்தில் இருக்கின்றன. கேபிளுக்கு HDMI 1, டிஸ்க்குக்கு AV. இந்த இரண்டு பெயர்கள் மனதில் இருந்தால் போதும்.

உங்கள் டி.வி. பல வாசல் உள்ள வீடு மாதிரி. எந்த வாசலைத் திறக்கிறோமோ அதன் வழியாக வருவது மட்டும்தான் திரையில் தெரியும். டிஸ்க்கைப் போட்டு எத்தனை முறை PLAY அழுத்தினாலும், டி.வி. HDMI 1-இல் இருக்கும்வரை கேபிள் சேனல்தான் ஓடிக்கொண்டிருக்கும். படம் உள்ளே ஓடும், உங்களுக்குத் தெரியாது.

வாசலை மாற்றும் பட்டன் டி.வி.யோடு வந்த ரிமோட்டில் இருக்கிறது. பெரும்பாலும் மேல்பகுதியில் INPUT என்றோ SOURCE என்றோ எழுதியிருக்கும். சில ரிமோட்டில் எழுத்தே இருக்காது; ஒரு கட்டத்துக்குள் அம்புக்குறி நுழைவது போல் சின்னப் படம் போட்டிருக்கும். அதை ஒரு முறை அழுத்துங்கள். திரையில் TV, AV, HDMI 1, HDMI 2 என்று ஒரு பட்டியல் வரும். அம்பு பட்டனால் AV-க்கு நகர்ந்து OK அழுத்துங்கள். டிஸ்க் போடுவதற்கு முன்பே பிளேயரை ஆன் செய்துவிடுங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் பிளேயர் தன் கம்பெனிப் பெயரையோ ஒரு முகப்புப் படத்தையோ காட்டும். அது தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். பிறகு டிஸ்க்கை வைத்து, பிளேயரின் ரிமோட்டில் PLAY.

படம் முடிந்ததும் டி.வி. தானாகக் கேபிளுக்குத் திரும்பாது. மறுபடியும் INPUT, பட்டியலில் HDMI 1, OK. கேபிள் ரிமோட்டில் GUIDE அழுத்தினால் நிகழ்ச்சி அட்டவணை வர வேண்டும். வந்தால் எல்லாம் சரி.

பட்டியலில் இருக்கும் TV என்ற பெயரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெயரைப் பார்த்தால் அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் அது ஆன்டெனா வயருக்கான இடம். உங்கள் வீட்டில் அதில் எதுவும் செருகவில்லை.

போன வாரம் எண்ணை அழுத்தினாலும் சேனல் மாறவில்லை என்றீர்கள். எனக்கு அந்தக் கேபிள் ரிமோட்டின் மேல்தான் சந்தேகம். அதன் உச்சியில் CBL, TV, DVD என்று வரிசையாகப் பட்டன்கள் இருப்பது படத்தில் தெரிகிறது. ஒரே ரிமோட்டால் மூன்று கருவிகளையும் இயக்க வைத்த ஏற்பாடு அது. கை தவறி TV பட்டன் பட்டுவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் அழுத்தும் எண்ணெல்லாம் கேபிள் பெட்டிக்குப் போகாமல் டி.வி.க்குப் போகும். டி.வி.யும் தன் ஆன்டெனாவில் அந்த எண்ணைத் தேடி, எதுவும் கிடைக்காமல் நிற்கும். முதலில் CBL அழுத்துங்கள். அப்புறம் டி.வி. ரிமோட்டில் INPUT வழியாக HDMI 1-க்கு வாருங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

No Signal என்று திரையில் வந்தால் டி.வி. கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். அந்த எழுத்தைக் காட்டுவதே டி.வி. நன்றாக வேலை செய்வதால்தான். திறந்த வாசலில் யாரும் வரவில்லை என்கிறது, அவ்வளவுதான். கேபிள் பெட்டியிலோ பிளேயரிலோ விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பல நேரம் அது தூங்கிக்கொண்டிருக்கும். விளக்கு எரிந்தும் படம் இல்லையென்றால் மட்டும் வயரின் இரு முனைகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

டிஸ்க் ஓடும்போது படம் வந்து சத்தம் வரவில்லையென்றால், முதலில் டி.வி. ரிமோட்டில் ஒலியைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் வெள்ளை, சிவப்பு வயர்கள் தளர்ந்திருக்கும். சத்தம் அவற்றின் வழியாகத்தான் வருகிறது. மஞ்சள் படத்துக்கு மட்டும்.

இன்னொன்று, ஊரிலிருந்து கொண்டுபோன டி.வி.டி.க்களைப் பற்றி. உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்து டி.வி.டி.க்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். கனடா 1, இந்தியா 5. உறையின் பின்பக்கம் பூகோள உருண்டைப் படத்துக்குள் 5 என்று இருந்தால், அங்கே வாங்கிய பிளேயர் அதை ஏற்காமல் பகுதி தவறு என்று திரையில் எழுதிக் காட்டக்கூடும். 0 அல்லது ALL என்று இருந்தால் இந்தத் தடை இல்லை. அந்தச் செய்தி தெரிகிறதென்றாலே நீங்கள் சரியாக AV-க்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். INPUT பட்டனை மறுபடி தொட வேண்டாம். டிஸ்க்கை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுங்கள். அந்த மாதிரி நின்றுபோகும் டிஸ்க்குகளின் உறையைப் படம் எடுத்து அனுப்புங்கள். எல்லாப் பகுதிக்கும் ஓடும் பதிப்பு இங்கே கிடைக்கிறதா என்று விசாரித்து வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்