மெலிந்த முனையின் முறுக்கு

ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு ஒன்று. ஒரு முனையில் அதன் விட்டம் 40 மில்லிமீட்டர். அங்கிருந்து சீராகத் தடித்துக்கொண்டே போய் மறுமுனையில் 80 மில்லிமீட்டர் ஆகிறது. லேத் பட்டறையில் இதை டேப்பர் ஷாஃப்ட் என்பார்கள். தடித்த முனையை அசையாதபடி இறுக்கிவிட்டு, மெலிந்த முனையில் 1000 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கொடுக்கிறார்கள். ஒரு மீட்டர் நெம்புகோலின் நுனியில் ஏறக்குறைய 100 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. மெலிந்த முனை எத்தனை டிகிரி திரும்பும்?

பொறியியல் மாணவர் பலருக்கு முதலில் தோன்றும் வழி சராசரி. 40-க்கும் 80-க்கும் நடுவில் 60. எனவே 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள நேரான தண்டாக நினைத்துக் கணக்குப் போட்டால் 0.56 டிகிரி வருகிறது. உண்மையான விடை 0.83 டிகிரி. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! இவ்வளவு பெரிய இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தக் கணக்கின் உயிரே இருக்கிறது.

நேரான தண்டுக்கான விதி எளிது.

φ = T L / (G J),  J = π d⁴ / 32

φ என்பது முறுக்குக்கோணம், T திருப்புவிசை, L நீளம், G எஃகின் விறைப்புக் குணகம், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 80,000,000,000 நியூட்டன். விட்டம் d ஒளிந்திருப்பது J-க்குள். அதுவும் நான்காம் அடுக்கில்.

ஏன் நான்காம் அடுக்கு? தண்டைக் குறுக்கே வெட்டி, மையத்தைச் சுற்றி மெல்லிய வளையங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். மையத்திலிருந்து தள்ளியிருக்கும் வளையம் முறுக்கும்போது அதிகம் நகர்ந்தாக வேண்டும். ஆகவே அதிகம் எதிர்க்கும். அந்த எதிர்ப்பு மையத்திலிருந்து தொலைவில் செயல்படுவதால் நெம்புகோலின் பலமும் கூடுகிறது. போதாததற்கு, வெளி வளையத்தில் உலோகமும் அதிகம். மூன்று காரணங்களும் ஒன்றோடொன்று பெருகி, எல்லா வளையங்களையும் கூட்டும்போது நான்காம் அடுக்காகின்றன. பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் 1784-இல் உலோகக் கம்பிகளை முறுக்கி அலையவிட்டுச் சோதித்தபோதே இந்த நான்காம் அடுக்கு உறவைக் கண்டார். மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையை அளந்த அவருடைய முறுக்குத் தராசுக்கு அடிப்படையும் அதுதான்.

விட்டம் பாதியானால் முறுக்கை எதிர்க்கும் வலிமை பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. நம் தண்டு முழுவதும் 40 மில்லிமீட்டராக இருந்தால் 2.85 டிகிரி திரும்பும். முழுவதும் 80 ஆக இருந்தால் 0.18 டிகிரி மட்டுமே. சரியான விடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தாக வேண்டும்.

எங்கே என்று காண, தண்டைச் சீவல் சீவலாக வெட்டுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒவ்வொரு சீவலும் கிட்டத்தட்ட நேரான தண்டுதான். ஆகவே மேலே சொன்ன விதி அதற்குப் பொருந்தும். திருப்புவிசை எல்லாச் சீவலிலும் ஒன்றே, ஏனெனில் இடையில் எதுவும் அதைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. மாறுவது விட்டம் மட்டும். நான்கே சீவல்கள் என்று வைத்தால் அவற்றின் நடுவிட்டங்கள் 45, 55, 65, 75. நான்கின் முறுக்கையும் கூட்டினால் 0.80 டிகிரி. பத்துச் சீவல்களாக வெட்டினால் 0.827. சீவல்கள் மெலிய மெலிய விடை 0.831-ஐ நெருங்குகிறது. எண்ணற்ற சீவல்களை ஒரே வீச்சில் கூட்டித்தரும் கருவிதான் தொகையிடல்.

அதைக் கணிதமாக எழுதும்போது மெலிந்த முனையிலிருந்து தொலைவு x என்று வைத்தால், மில்லிமீட்டரில் d = 40 + 0.04x. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விட்டம் 0.04 கூடுகிறது என்பதே இதன் பொருள். d⁴-இன் தலைகீழைத் தொகையிட்டால் d³-இன் தலைகீழ் வரும். கூடவே 3-ஆலும் அந்த 0.04-ஆலும் வகுக்க வேண்டும். முடிவு இது:

φ = (32 T L / 3πG) × (d₁² + d₁d₂ + d₂²) / (d₁³ d₂³)

தேர்வுத்தாளில் அடிக்கடி நழுவுவது அந்த 0.04. அதனால் வகுக்க மறந்தால் விடை 25 மடங்கு சிறுத்து 0.033 டிகிரி ஆகிவிடும். முழுவதும் 80 மில்லிமீட்டராக உள்ள தண்டே 0.18 டிகிரி திரும்பும்போது, அதைவிட மெலிந்த தண்டு அதற்கும் குறைவாகத் திரும்ப வழியே இல்லை. இரு எல்லைகளையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பவர் இந்தத் தவறை அந்த நொடியே பிடித்துவிடுவார். இன்னொரு சோதனையும் உண்டு: d₁, d₂ இரண்டையும் சமமாக வைத்தால் வாய்பாடு நேரான தண்டின் விதியாகவே சுருங்க வேண்டும். சுருங்குகிறது.

இப்போது சராசரியின் பிழைக்கு வரலாம். தண்டின் நீளத்தைக் கால் கால் மீட்டராகப் பிரித்து, எந்தப் பகுதி எவ்வளவு முறுக்குகிறது என்று பார்த்தால் மெலிந்த முனையை ஒட்டிய முதல் கால் மீட்டர் மட்டுமே மொத்த முறுக்கில் 56 சதவீதத்தைத் தருகிறது. முதல் பாதியின் பங்கு 80 சதவீதம். தடித்த பாதி ஏறக்குறைய சும்மா நிற்கிறது. தண்டின் மேல் நீளவாக்கில் சாக்பீஸால் ஒரு நேர்க்கோடு போட்டிருந்தால், முறுக்கிய பிறகு அந்தக் கோடு மெலிந்த முனைப் பக்கம் அதிகமாகச் சாய்ந்தும், தடித்த பக்கம் ஏறத்தாழ நேராகவும் இருக்கும். எஃகில் இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. கூம்பாக வெட்டிய ரப்பரில் நன்றாகவே தெரியும். இந்தத் தண்டுக்கு ஈடான நேர்த்தண்டின் விட்டம் 60 அல்ல, 54.4 மில்லிமீட்டர்.

வாய்பாட்டுக்கு எல்லையும் உண்டு. ஒவ்வொரு சீவலும் நேர்த்தண்டு போலவே நடந்துகொள்ளும் என்பது, சரிவு மெதுவாக இருக்கும்போதுதான் செல்லும். நம் தண்டின் பக்கச்சரிவு ஒரு டிகிரிக்குச் சற்றே அதிகம், அதனால் கவலையில்லை. விட்டம் படிபோலத் திடீரென மாறும் இடத்தில் தகைவு குவியும். அதை இந்தக் கணக்கு காட்டாது. எஃகு தன் மீட்சி எல்லையைத் தாண்டினாலும் செல்லாது. இங்கே தகைவு மிக அதிகமாக இருப்பது மெலிந்த முனையின் மேற்பரப்பில்தான். அங்கும் அது 80 மெகாபாஸ்கல் அளவுதான் என்பதால் சாதாரண எஃகே தாங்கும்.

இந்தத் தண்டு திரும்புவது அதிகமாக இருக்கிறது, குறைக்க வேண்டும் என்று ஒரு வடிவமைப்பாளர் நினைக்கிறார் என்று கொள்வோம். விட்டத்தில் 5 மில்லிமீட்டர் கூட்ட அவருக்கு இடமிருக்கிறது, ஒரு முனையில் மட்டும். தடித்த முனையை 85 ஆக்கினால் முறுக்கு 0.83-இலிருந்து 0.76 டிகிரிக்கு இறங்கும். மெலிந்த முனையை 45 ஆக்கினால் 0.63-க்கு இறங்கும், செலவாகும் எஃகும் முதல் வழியைவிடச் சற்றுக் குறைவு.