மிளகாயின் எரிவும் அளவும்



மிளகாய் நம் நாட்டில் பிறந்த பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அது, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியக் கரையை அடைந்தது. அதற்கு முன்னர் நம் உணவுக்கு உறைப்பைத் தந்தது மிளகு. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் புதிய வரவுக்கு மிளகாய் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். இன்று அக்காய் இல்லாத அடுக்களை இல்லை. ஆயினும் அதனைப் பற்றி இரண்டு கேள்விகள் வீடுதோறும் எழுகின்றன. அரிந்த கை எரிந்தால் என் செய்வது? குழந்தைகளும் முதியோரும் உண்ணும் உணவில் எத்தனை மிளகாய் இடுவது? இவ்விரண்டுக்கும் விடை காண, மிளகாயின் உறைப்பு எங்கே இருக்கிறது, எதில் கரைகிறது என்னும் இரண்டை மட்டும் அறிந்துகொண்டால் போதும்.

முதலில் அது இருக்கும் இடத்தைப் பார்ப்போம். ஒரு பச்சை மிளகாயை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். காம்பை ஒட்டிய பகுதியில் தொடங்கி, விதைகளைத் தாங்கியவாறு கீழ்நோக்கி ஓடும் வெண்மையான தசை ஒன்று தெரியும். கேப்சைசின் என்னும் உறைப்புப் பொருள் சுரப்பது அவ்வெண்தசையில்தான். விதையில் உறைப்பு இருக்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். விதை அத்தசையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அதன்மேல் உறைப்புப் படிகிறதே ஒழிய, விதை அதனை உண்டாக்குவதில்லை. காயின் நுனியில் வெண்தசை குறைவு. ஆகவே உறைப்பும் குறைவு.

இனி, கரையும் தன்மை. கேப்சைசின் தண்ணீரில் மிக அரிதாகவே கரையும். எண்ணெயில் எளிதாகக் கரையும். சாராயச் சத்திலும் கரையும். இங்கே மாணவர்கள் ஒரு சொல்லில் மயங்கிவிடக் கூடாது. வேதியியல் வகுப்பில் அமிலத்துக்கு எதிரானதைக் காரம் என்று படிக்கிறோம். நாவில் உறைப்பதையும் காரம் என்றே சொல்கிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால், எலுமிச்சைச் சாறு என்னும் அமிலத்தை ஊற்றினால் மிளகாயின் காரம் முறிந்துவிடும் என்று கருதுவது பிழை. இது வேறு, அது வேறு.

கை எரிகிறதே, அது தீக்காயமா? அன்று. நம் தோலிலும் நாவிலும் உள்ள நரம்பு முனைகளில், சூட்டை உணர்த்தும் வாயில்கள் போன்ற நுண்ணிய அமைப்புகள் உள்ளன. ஏறத்தாழ 43 பாகை சென்டிகிரேட் வெப்பம் பட்டால் அவை திறந்து, 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி விடுக்கின்றன. கேப்சைசின் அதே வாயிலைச் சூடு இல்லாமலே திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் ஆய்வுக்கூடம் 1997-இல் இவ்வாயிலை இனம் கண்டது. அவர் 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் பட்டபூட்டியன் என்னும் அறிஞருடன் பகிர்ந்துகொண்டார். ஆகவே கை எரியும்போது தோல் வெந்துவிடவில்லை. வெந்துவிட்டதாக நரம்பு பொய்ச்செய்தி அனுப்புகிறது. அச்செய்தி பொய்யே எனினும் நாம் படும் வேதனை மெய்யே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கோடை விடுமுறையில் ஒரு மாணவி தன் தாய்க்குத் துணையாக, மோர் மிளகாய் போடுவதற்கு ஒரு கிலோ பச்சை மிளகாயைக் கீறுகிறாள். வேலை முடியும்போது கையில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரில் அலம்பிவிட்டுப் போய்விடுகிறாள். அரை மணியோ ஒரு மணியோ கழித்து, விரல் நுனிகளிலும் நகத்தின் ஓரங்களிலும் எரிச்சல் எழுகிறது. ஏன் இத்தாமதம்? உள்ளங்கைத் தோல் தடிப்பானது. கேப்சைசின் அதனூடே மெல்ல மெல்லவே நரம்பை எட்டுகிறது. தண்ணீர் அலம்பல் அதனைக் கரைத்து அகற்றவில்லை. விரலெங்கும் பரப்பியதோடு சரி.

இப்போது அவள் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, கண், மூக்கு, உதடு ஆகியவற்றைத் தொடாதிருத்தல். அடுத்து, தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு தேக்கரண்டி அளவு கையில் ஊற்றி, விரல் இடுக்குகளிலும் நகக் கண்களிலும் படும்படி இரண்டு நிமிடம் நன்றாகத் தேய்க்க வேண்டும். தோலின்மேல் இருக்கும் கேப்சைசின் எண்ணெயில் கரைந்து வரும். அவ்வெண்ணெயைத் தாளிலோ பழந்துணியிலோ துடைத்து எறிந்துவிட வேண்டும். அதன்பின் பாத்திரம் துலக்கும் சோப்பால் கையைத் தேய்த்துக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். சோப்பு எண்ணெயைப் பற்றி நீரோடு சேர்த்து வெளியேற்றும். எண்ணெயோடு உறைப்பும் போகும். எண்ணெய் தேய்ப்பது, துடைப்பது, சோப்பிட்டுக் கழுவுவது என்னும் இவ்வரிசையை இரண்டு முறை செய்வது நலம். வெந்நீர் கூடாது. முன்பே தூண்டப்பட்ட வாயிலைச் சூடு மேலும் தூண்டும்; எரிச்சல் இரட்டிக்கும்.

கை தூய்மையாகிவிட்டதா என்று அறிவது எப்படி? விரல் நுனியை நாவின் நுனியில் மெல்ல வைத்துப் பார்க்கலாம். நா உறைத்தால் தோலின்மேல் இன்னும் மிச்சம் இருக்கிறது. மறுபடியும் எண்ணெய் தேய்க்க வேண்டும். நா உறைக்கவில்லை, ஆயினும் விரல் எரிகிறது என்றால், எஞ்சியது தோலுக்குள் சென்றுவிட்டது என்பது பொருள். அதன்பின் எத்தனை முறை தேய்த்தாலும் அது வெளிவராது, தோல்தான் புண்ணாகும். அந்நிலையில் செய்யத்தக்கது குளிர்வித்தல் ஒன்றே. குளிர்ந்த தயிரிலோ பாலிலோ நீரிலோ பத்துப் பதினைந்து நிமிடம் விரல்களை வைத்திருக்கலாம். குளிர்ந்த நீர் உடனே சுகம் தரும். கையை எடுத்ததும் எரிச்சல் திரும்பக்கூடும். அது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. சில மணி நேரத்தில் தானே தணியும். பனிக்கட்டியை நேரே தோலில் அழுத்திவைக்கக் கூடாது; மரத்துப்போன தோலுக்குக் குளிரால் தீங்கு நேர்வதை நாம் உணரமாட்டோம்.

எண்ணெய் மருத்துவம் கைக்கு உரியது; கண்ணுக்கு உரியதன்று. கண்ணில் பட்டுவிட்டால், முதலில் கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, தூய நீரை மெல்ல ஓடவிட்டுப் பதினைந்து நிமிடம் கண்ணைக் கழுவ வேண்டும். அதன்பின்னும் வலியோ பார்வை மங்கலோ இருந்தால் மருத்துவரைக் காண்பது கடமை. கையில் கொப்புளம் எழும்பினாலும் அவ்வாறே.

வருமுன் காக்க விரும்புவோர் மெல்லிய ரப்பர்க் கையுறை அணியலாம். கையுறை இல்லையேல், காயைக் காம்பைப் பற்றிக்கொண்டு கத்தரிக்கோலால் கீறலாம். வேலை முடிந்ததும், எரிச்சல் தோன்றும்வரை காத்திராமல், எண்ணெயும் சோப்பும் இட்டுக் கழுவிவிட வேண்டும். கத்தியையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவ மறக்கலாகாது. அடுத்து அப்பலகையில் பழம் அரிபவர் குழந்தைக்கு உறைப்பை ஊட்டிவிடுவார்.

இனி, அளவைப் பற்றிக் காண்போம். 'நான்கு பேருக்கு இத்தனை மிளகாய்' என்று எண்ணிக்கை சொல்வது ஏன் போதாது? ஒரே கூடையில் வாங்கிய காய்களுள் ஒன்று சாதுவாகவும் மற்றொன்று நெருப்பாகவும் இருக்கும். நிறமும் வழிகாட்டாது. கர்நாடகத்து பேடகி மிளகாய் ஆழ்ந்த சிவப்பு, உறைப்போ குறைவு. குண்டூர் மிளகாயில் உறைப்பு மிகுதி. சிவப்பு நிறத்தைத் தரும் பொருள் வேறு, உறைப்பைத் தரும் பொருள் வேறு என்பதே காரணம். ஆகவே காயைச் சோதித்துப் பார்ப்பதே முறை. காம்பை ஒட்டிய பகுதியில், வெண்தசை சேரும்படி மிக மெல்லிய துண்டு ஒன்றை அரிந்து, நாவின் நுனியில் தொட்டுப் பாருங்கள். நுனிப்பகுதியைச் சோதிப்பவர் ஏமாறுவார்.

ஐந்து பேர் உண்ணும் பூசணிக்காய்க் கூட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக நான்கு பச்சை மிளகாய் இடும் வீடு அது. இன்று மூன்று வயதுக் குழந்தையும் வயிற்றுப்புண் உள்ள பாட்டியும் உண்ண வருகின்றனர். நான்கையும் அரைத்துக் கலந்துவிட்டால், பின்னர் குறைக்க வழி என்ன? உறைப்பு கொதிப்பதால் அழிவதில்லை. ஒரு மிளகாய் அளவு உறைப்பாக அதனை மாற்ற வேண்டுமாயின், ஒரு லிட்டர் கூட்டை நான்கு லிட்டராகப் பெருக்க வேண்டும்! உருளைக்கிழங்கைப் போட்டால் உறைப்பை உறிஞ்சிவிடும் என்பதும் உண்மையன்று; கிழங்கு குழம்பைத்தான் உறிஞ்சும், உறைப்பைத் தனியே பிரித்தெடுக்காது. வெல்லமும் எலுமிச்சையும் நாவுக்குச் சிறிது மறைத்துக் காட்டும், வயிற்றுக்கு மறைக்கா.

ஆதலால் தொடக்கத்திலேயே குறைத்து இடுவது அறிவுடைமை. ஒரே மிளகாயை எடுத்து, காம்பு நீக்காமல் ஒரு பக்கம் மட்டும் கீறி, வேகும் பருப்பில் முழுதாகப் போடுங்கள். அரிந்ததும் அரைத்ததும் உறைப்பை முழுதும் விட்டுவிடும். கீறியது மெல்ல மெல்ல விடும். ஐந்து நிமிடம் கழித்துச் சுவை பாருங்கள். போதுமெனில் காம்பைப் பிடித்து எடுத்துவிடலாம். மணம் வேண்டும், உறைப்பு வேண்டாம் என்பவர், காயைப் பிளந்து வெண்தசையையும் விதையையும் வழித்தெடுத்துவிட்டுச் சதையை மட்டும் இடலாம். குழந்தைக்கும் பாட்டிக்கும் உரிய பங்கை எடுத்து வைத்தபின், எஞ்சிய கூட்டுக்கு எண்ணெயில் மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். உறைப்பு எண்ணெயில் கரைவதால் சிறிது தாளிப்பும் கூட்டு முழுவதும் பரவிவிடும். ஒரே அடுப்பில் இரு தரத்து உணவும் ஆயிற்று.

சுவை பார்ப்பவர் யார் என்பதும் கருதத்தக்கது. நாள்தோறும் மிகுந்த உறைப்பு உண்பவரின் நா மழுங்கியிருக்கும். அடுத்தடுத்துச் சுவைத்தாலும் நா மரத்துப்போகும். நான்காம் கரண்டி முதற்கரண்டியைவிடச் சாதுவாகத் தோன்றும். உறைப்பு நாவில் ஏறவும் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு கரண்டி சுவைத்தபின் ஒரு நிமிடம் பொறுத்து, ஒரு வாய் மோர் பருகிவிட்டு, அதன்பின் அடுத்த கரண்டியைத் தொட வேண்டும். மோரிலும் பாலிலும் உள்ள கேசின் என்னும் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு நாவிலிருந்து அகற்றுகிறது. உறைத்த வாய்க்குத் தண்ணீர் தராத ஆறுதலை மோர் தருவது இதனால்தான். உணவில் உறைப்பு மிகுந்துவிட்டாலும், குழந்தையின் தட்டில் தயிரோ தேங்காய்ப் பாலோ சேர்த்துப் பிசைவதே மேலான மாற்று.

கையைக் காக்கும் எண்ணெயே கூட்டில் உறைப்பைப் பரப்புகிறது என்பதைக் கண்டோம். வெண்தசை எங்கே என்று பார்த்துக் கத்தியை வைப்பவர், இரண்டு கேள்விகளுக்கும் விடையைத் தம் கையிலேயே வைத்திருப்பவர் ஆவர்.